சென்சர் சொல்லும் 56 சதவீதம், மண்ணில் இருப்பது 20

சின்ன வெங்காயப் பாத்திக்கு ஈரம் பார்த்துத் தானாகவே இறைக்கும் பம்மைப் பொருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இரண்டு கால் உள்ள மலிவான சென்சரைத்தான். இரு கால்களுக்கும் இடையில் மண் எவ்வளவு மின்தடை காட்டுகிறது என்பதே அதன் அளவீடு. வலிகாமத்துச் செம்மண்ணில் இது இரண்டு விதமாகப் பிழைக்கும், அதுவும் எதிரெதிர்த் திசைகளில்.

முதலாவது அரிப்பு. கால்களில் நேர் மின்னோட்டம் ஓயாமல் ஓடினால், நேர்முனைக் காலின் பூச்சும் அதன்கீழுள்ள செம்பும் மின்பகுப்பில் கரைந்து மண்ணுக்குள் போகும். ஒரு கால் மட்டும் கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் இதுதான் காரணம். தேய்ந்த காலின் தடை கூடுவதால் ஈரமான மண்ணையும் சென்சர் 'காய்ந்தது' என்கிறது, பம்மும் நிற்காமல் இறைக்கிறது. இரண்டாவது உப்பு. கிணற்று நீர் உவராக இருந்தாலோ, பொட்டாஷ் பசளை போட்ட கையோடு அளந்தாலோ, மின்சாரம் எளிதாகக் கடக்கும். அப்போது காய்ந்த மண்ணும் ஈரமாகத் தெரியும். வாசிக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்து உடனே நிறுத்தினால் கால்கள் கூடுதல் காலம் தாங்கும். உப்புக் குழப்பத்துக்கு அதுவும் மருந்தல்ல.

இதற்கு மாற்றான கொள்ளளவுச் சென்சர் மின்தடையை அல்ல, மண்ணின் மின்கொள்ளளவை அளக்கிறது. அதில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை, அதனால் மின்பகுப்பும் இல்லை. உப்பின் பாதிப்பு குறைவு, ஆனால் அறவே இல்லாமல் போகாது. இதற்கும் பலவீனங்கள் உண்டு. பலகையின் முகத்தில் பூச்சு இருந்தாலும், வெட்டிய ஓரங்கள் திறந்தே இருக்கும். அந்த வழியாக நீர் ஊறினால் அளவீடு மெல்ல மெல்ல ஈரப்பக்கம் நகரும். புதைப்பதற்கு முன் ஓரங்களுக்கு எபொக்சி அல்லது நகப்பூச்சு இரண்டு தடவை பூசி, மேலே உள்ள மின்னணுப் பகுதியையும் எபொக்சியால் மூடிவிடுங்கள். வாங்கும்போது சிப்பையும் பாருங்கள். ரி.எல்.சி. 555 இருக்க வேண்டிய இடத்தில் என்.ஈ. 555 வைத்த போலிகள் உண்டு. அதற்குக் குறைந்தது 4.5 வோல்ற் வேண்டும், பலகையோ 3.3 வோல்ற்றுத்தான் கொடுக்கிறது.

அடுத்தது அளவுத்திருத்தம். காற்றில் ஒரு எண், நீரில் ஒரு எண் எடுத்து, முன்னதை 0, பின்னதை 100 என்று வைக்கும் பழக்கம்தான் அதிகம். இது ஈரச் சதவீதமே அல்ல. மண்துகள்களுக்கிடையே உள்ள இடைவெளி முழுதும் நீர் நிறைந்தாலும், கீழே உதாரணமாக எடுக்கும் மண்ணில் கனவளவின் 47 சதவீதத்தைத் தாண்டாது.

சரியான வழிக்கு ஒரு தராசும் இரண்டு நாள் பொறுமையும் போதும். முதலில் மண்ணின் அடர்த்தி. வெறும் பால்மா ரின் ஒன்றின் இரு முனைகளையும் வெட்டி, பாத்தியில் அடித்திறக்கி, நிறைந்த மண்ணை எடுத்து 105 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி நிறுங்கள். ரின்னின் கொள்ளளவு 400 மில்லிலீற்றர், உலர்ந்த மண் 560 கிராம் என்றால் அடர்த்தி 1.4. வெயிலில் மட்டும் உலர்த்தினால் கொஞ்சம் ஈரம் தங்கிவிடும், ஆகவே ஓவன்தான் நல்லது.

இனி ஒரு பிளாஸ்ரிக் வாளியில் 2 லீற்றர் மட்டத்தில் கோடு போடுங்கள். உலோக வாளி வேண்டாம். அடர்த்தி 1.4 என்றால் 2 லீற்றருக்கு 2800 கிராம் உலர் மண் வேண்டும். அதை அந்தக் கோடு வரை அழுத்தி நிரப்பி, சென்சரைப் பலகையிலுள்ள கோடுவரை செருகி எண்ணைக் குறியுங்கள். பிறகு மண்ணைக் கொட்டி 200 மில்லிலீற்றர் நீர் கலந்து, மூடி, ஒரு இரவு வைத்து, அதே கோட்டுக்கு அழுத்தி மறுபடி வாசியுங்கள். அது 10 சதவீதம். 400 மில்லிலீற்றர் 20, 600 மில்லிலீற்றர் 30. ஒவ்வொரு படிக்கும் புதிய உலர் மண் எடுத்தால் ஒரே இரவில் எல்லாம் முடியும். கலப்பது உங்கள் கிணற்று நீராகவே இருக்கட்டும், உப்பின் பாதிப்பும் கணக்கில் வந்துவிடும்.

உதாரணத்துக்கு, வாசிப்புகள் முறையே 560, 480, 410, 365 என்று வைப்போம். அதே சென்சர் காற்றில் 590, நீரில் 270. அப்படியானால் 410 என்ற வாசிப்பைக் காற்று-நீர்க் கணக்கு 56 சதவீதம் என்று சொல்லும். மண்ணில் இருப்பதோ 20. புள்ளிகள் நேர்கோட்டில் விழாததால், இரண்டிரண்டு புள்ளிகளை இணைத்துக் கணக்கிடுவது எளிது:

```
float vwc(int r) {
  if (r >= 480) return (560 - r) * 10.0 / 80;
  if (r >= 410) return 10 + (480 - r) * 10.0 / 70;
  return 20 + (410 - r) * 10.0 / 45;
}
```

இந்த எண்கள் இன்னொரு சென்சருக்குப் பொருந்தாது. ஒரே பெட்டியில் வந்த இரண்டுகூட வேறுபடும்.

பாத்தியில் செருகும்போது பலகைக்கும் மண்ணுக்கும் இடையில் காற்றிடைவெளி விழுந்தால் காய்ந்ததாகவே காட்டும். பலகையைவிடச் சற்று ஒடுங்கிய பிளவைக் கத்தியால் கீறி, அழுத்தி இறக்கி, சுற்றிலும் நீர் விட்டு மண்ணை அமர்த்துங்கள். நன்றாக இறைத்து, மறுநாள் மேலதிக நீர் வடிந்த பின் வரும் எண்ணே பாத்தி நிறைந்த எண். அடுத்த இறைப்பு எந்த எண்ணில் என்பதைக் கையால் மண்ணைத் தோண்டிப் பார்த்தே தீர்மானியுங்கள். நண்பகல் வெயிலில் மின்னணுப் பகுதி சூடேறி எண் நகரும், எனவே ஒப்பிடுவதென்றால் விடியலில் எடுத்த வாசிப்புகளையே ஒப்பிடுங்கள்.

சென்சரைப் புதைக்கும் நாளில் அதன் காற்று எண்ணை அழியாத மையால் பலகையிலேயே எழுதி வைப்பது நல்லது. ஒவ்வொரு போகத்தின் முடிவிலும் பிடுங்கி, கழுவி, துடைத்து, நன்றாக உலர்த்திக் காற்றில் மறுபடி வாசியுங்கள். எண் தெளிவாகக் குறைந்திருந்தால் ஓரத்தால் நீர் ஏறிவிட்டது. மேலே பூச்சுப் பூசி அதை மீட்க முடியாது, மாற்றுவதுதான் வழி.