ஹெல்மெட் சரி. கிளிப்?

சாலைப் பாதுகாப்பு மாதத்துக்கு ஒரு வாசகம் வேண்டும் என்று போக்குவரத்துக் காவல் உதவி ஆய்வாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். "இருசக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு, டாக்டர். பேனரில் அடங்கும்படி இருக்க வேண்டும்." நாகர்கோவிலில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். அடிபட்ட தலைகளை அன்றாடம் பார்ப்பவன் என்பதால் இரண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் ஆனது.

'தலைக்கவசம் உயிர்க்கவசம்' என்பது ஏற்கெனவே ஊரெங்கும் இருக்கிறது. நல்ல வாசகம்தான். ஆனால் நான் யாருக்காக எழுத நினைத்தேனோ அவர் அதைப் படித்துவிட்டு, 'எனக்கில்லை, நான்தான் போட்டிருக்கிறேனே' என்று கடந்துவிடுவார். அவர் ஹெல்மெட் போட்டிருக்கிறார். தாடைக்குக் கீழே பட்டையைத்தான் மாட்டவில்லை.

அப்படி ஒருவரை முன்பு ஒருநாள் காலையில் கொண்டுவந்தார்கள். தோவாளைச் சந்தையில் பூ எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்த வியாபாரி, நாற்பது வயதிருக்கும். இரவு மழை பெய்திருந்தது. சாலையோரம் அடித்துவந்து கிடந்த மணலில் முன்சக்கரம் வழுக்கி, பின்பக்கமாக விழுந்திருக்கிறார். வேகம் அதிகம் இல்லை, பூ மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு யாரும் பறக்க மாட்டார்கள். தூக்கி வந்த ஆட்டோ ஓட்டுநர் அவருடைய ஹெல்மெட்டையும் மறக்காமல் கொண்டுவந்தார். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. அவருடைய பின்மண்டையிலோ நான்கு விரல் அகலத்துக்கு வீக்கம். தலை தரையில் படுவதற்கு முன்பே ஹெல்மெட் தனியாகக் கழன்றுபோய்விட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

"ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டார், டாக்டர். நானே எடுத்துக் கொடுத்தேன்" என்று அவர் மனைவி திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையைத்தான் சொன்னார்.

வந்தபோது அவர் தெளிவாகப் பேசினார். பெயர், ஊர், தொலைபேசி எண் எல்லாம் சரியாகச் சொன்னார். வீட்டுக்குப் போக வேண்டும், பூ வாடிவிடும் என்றார். இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை வாந்தி எடுத்தார். அதன்பிறகு செவிலியரிடம் எரிந்து விழத் தொடங்கினார். அவர் அப்படிப் பேசுகிறவரே இல்லை என்று மனைவி பதறினார். ஸ்கேனில் மூளையின் முன்பகுதியில் இரத்தக் கசிவு. அடிபட்டது பின்னால், சிதைந்தது முன்னால். தலை சட்டென்று நின்றாலும் உள்ளே மிதக்கும் மூளை நிற்பதில்லை. அது ஆடி, நெற்றிப் பக்கத்து எலும்பின் கரடுமுரடான தளத்தில் உரசுகிறது. மூக்கிலிருந்து மூளைக்கு வாசனையைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் அந்த எலும்பில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. அந்த உரசலில் அவை அறுந்துபோகலாம்.

அறுவை சிகிச்சை இல்லாமலே பிழைத்தார். கோபம் தணிந்தது, கணக்கு வழக்கும் பழையபடி வந்தது. வாசனை மட்டும் வரவில்லை. ஆறு மாதம் கழித்து வந்தபோது, மல்லிகையை இப்போது விரலால் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறேன் என்றார்.

வேகமாகப் போகாதபோது கிளிப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே சாய்ந்து அந்த உயரத்திலிருந்து தலை விழுந்தால்கூட, தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு நசுங்கி, தலை நிற்பதற்கு ஓரிரு சென்டிமீட்டர் இடம் தருகிறது. ஹெல்மெட் காப்பாற்றுவது அந்த நசுங்கலால்தான். அது நசுங்க வேண்டுமானால் தலைக்கும் தரைக்கும் நடுவே இருந்தாக வேண்டும். ஹெல்மெட்டே ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள். உடல் திடீரென்று நிற்கும்போதோ திரும்பும்போதோ, கட்டாத ஹெல்மெட் தன் போக்கில் போய்விடும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசம் எது என்று விளக்கும் இடத்திலேயே, பட்டையால் தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கிளிப் மாட்டாமல் போகிறவர் சட்டத்தின் கண்ணில் ஹெல்மெட் போடாதவர்தான்.

ஆகவே வாசகம் கிளிப்பைப் பற்றியது என்று முடிவு செய்தேன். முதலில் எழுதியது இது: 'பட்டை மாட்டாத தலைக்கவசம் விபத்தில் உங்களுக்கு முன்பே பறந்துவிடும்.' ஆய்வாளர் படித்துவிட்டு, ஓடும் வண்டியில் இதை யார் படிப்பார்கள் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறார். எழுத்து 40 மீட்டர் தூரத்திலிருந்து தெரிந்தால்கூட அவருக்குக் கிடைப்பது நான்கு நொடிக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி சாலையைப் பார்க்க வேண்டும், பேனருக்கு ஒரு பார்வைதான் மிஞ்சும். ஒரு பார்வையில் அடங்குவது மூன்று சொல். பத்து மீட்டர் தூரத்துக்குக் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் எழுத்து உயரம் என்பது பொதுவான கணக்கு. நம் எழுத்துகளில் கொம்பும் சுழியும் நெருக்கமாக வருவதால் நான் அதை இரட்டிப்பாக்கி, 20 சென்டிமீட்டர் உயரம் கேட்டேன்.

அடுத்து எழுதியது: 'டக் என்று கேட்டதா?' கிளிப் பூட்டும்போது வரும் ஓசை. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காகிதத்தில் பெரிதாக எழுதி, வாசலில் இருக்கும் காவலாளிக்கும் தேநீர்க்கடையில் நின்ற இளைஞர்களுக்கும் ஒரு நொடி மட்டும் காட்டினேன். இளைஞர்களில் இருவர் கிரிக்கெட் விளம்பரம் என்றார்கள். ரன் எடுக்காமல் ஆட்டமிழப்பதும் 'டக்'தானே. தவிர, இரட்டை வளையத்தில் கோத்து இறுக்கும் பட்டைகளில் அந்த ஓசையே வராது. மனமில்லாமல் அதை விட்டேன்.

கடைசியில் நின்றது மூன்று சொல்: 'ஹெல்மெட் சரி. கிளிப்?' போட்டிருப்பவரைக் குறை சொல்லாமல், விட்ட ஒன்றை மட்டும் கேட்கிறது. காட்டிய உடனே காவலாளியின் கை தாடைக்குப் போனது. அவர் அப்போது ஹெல்மெட்டே போட்டிருக்கவில்லை.

பேனரில் இடமில்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். மாட்டிய பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. மாட்டிய பிறகு, ஹெல்மெட்டின் பின்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் பட்டையை இறுக்க வேண்டும், இறுக்கியும் வந்தால் அந்த அளவு உங்களுக்குப் பெரிது.

எங்கே கட்டுவது என்பதில்தான் ஆய்வாளரோடு நீண்ட நேரம் பேசினேன். மார்த்தாண்டம் மேம்பாலத்தைச் சொன்னார், எல்லாரும் பார்ப்பார்கள் என்று. அங்கே வேண்டாம் என்றேன். படித்தவுடன் கை தாடைக்குப் போகும் வாசகம் இது. ஓடும் வண்டியில் ஒரு கையை விட்டுவிட்டுக் கிளிப்பைத் தேடினால், நாமே ஒருவரைக் கீழே தள்ளியது போலாகும். வண்டி நிற்கும் இடம்தான் வேண்டும். ரயில்வே கேட், சிக்னல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெட்ரோல் பங்கின் வெளிவாயில். அங்கேதான் கழற்றிய ஹெல்மெட்டை மறுபடியும் தலையில் வைக்கிறார்கள், இரண்டு கையும் அப்போது சும்மாதான் இருக்கிறது.