பிஐபி: ‘செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்’ சரியான தமிழ்தானா?

“அவனை பிஐபி-ல போட்டுட்டாங்க.” சென்னையின் ஐடி அலுவலகங்களில் இதைக் கேட்டவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் “கடைசி நாள் எப்போ?” என்பதுதான். பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான் என்ற மூன்று சொற்களின் சுருக்கம் அது. வேலை எதிர்பார்த்த அளவுக்கு வராத ஒருவருக்கு, எது எவ்வளவு குறைகிறது, எந்தத் தேதிக்குள் எந்த அளவுக்கு வரவேண்டும், அதற்கு நிறுவனம் என்ன செய்து கொடுக்கும், எந்தெந்த நாளில் உட்கார்ந்து பார்ப்போம் என்று எழுதிக் கொடுக்கும் தாள். தமிழில் இதைச் ‘செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்’ என்கிறோம். பல ஆண்டுகள் மனிதவளப் பிரிவில் இருந்து இந்தத் தாளை எழுதியவன் என்ற முறையில், இந்த மொழிபெயர்ப்பில் எனக்கு மனக்குறை உண்டு.

முதலில் ‘செயல்திறன்’. பெர்ஃபார்ம் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘பர்’ என்றால் முழுமையாக, ‘ஃபுர்னீர்’ என்றால் கொடுத்து முடிப்பது. ஃபார்ம், அதாவது வடிவம், என்ற சொல்லின் சாயல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆக வேர்ப்பொருள், எடுத்த வேலையை முழுதாக முடித்துக் கொடுத்தல். அது செய்த வேலையைப் பற்றிய சொல். ‘திறன்’ அப்படியல்ல, அது ஆளுக்குள் இருப்பது. “உங்கள் செயல்திறன் போதவில்லை” என்று நான் எழுதிக் கொடுத்த தாளைப் படித்துவிட்டு ஒரு பெண், “எனக்குத் திறமையே இல்லைன்னு எழுதியிருக்கீங்களா சார்?” என்று கேட்டார். தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள். நான் சொல்ல வந்தது, கடந்த மூன்று மாதத்தில் வேலை இப்படி வந்திருக்கிறது என்பதை மட்டுமே.

அடுத்து ‘மேம்பாடு’. இம்ப்ரூவ் என்பதும் பிரெஞ்சு வழி வந்த சொல்தான். அதன் நடுவில் இருக்கும் ‘ப்ரூ’ என்றால் இலாபம். நிலத்தைப் பயிரிட்டோ வேலியடைத்தோ வருமானம் வரும்படி செய்வதைத்தான் முதலில் அது குறித்தது. தமிழில் மேம்படுதல் என்றால் மேலே போதல், சிறந்து விளங்குதல். ஆனால் பிஐபி யாரையும் மற்றவர்களுக்கு மேலே போகச் சொல்வதில்லை. எல்லோரிடமும் எதிர்பார்க்கும் அளவுக்கு வரச் சொல்கிறது, அவ்வளவுதான். சிலர் ‘பணி மேம்பாட்டுத் திட்டம்’ என்று சுருக்கிப் பார்த்தார்கள். கல்லூரி ஆசிரியர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் பதவி உயர்வு வந்துவிட்டதாக மகிழ்ந்துவிடுவார்கள். அங்கே பணி மேம்பாடு என்றால் உயர்வுதான்.

என் பரிந்துரை ‘பணிச் சீராக்கத் திட்டம்’. சீராக்குதல் என்றால் இருக்கவேண்டிய அளவுக்குக் கொண்டுவருதல். இன்னொரு காரணமும் உண்டு. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்ற குறளில் சீர்தூக்குதல் என்பது தராசில் எடை பார்ப்பது. அளவு என்ற பொருள் அந்தச் சொல்லோடு பழகியே வருகிறது. அளவு இல்லாத பிஐபி வெறும் வசவுக் கடிதம்.

இந்த ஏற்பாட்டைச் சட்டமாகவே எழுதிவைத்த இடம் அமெரிக்க அரசுப் பணி. 1978-ஆம் ஆண்டின் குடிமைப் பணிச் சீர்திருத்தச் சட்டப்படி, வேலை ஏற்கத்தக்க அளவில் இல்லை என்று ஓர் ஊழியரைக் கீழிறக்கவோ நீக்கவோ வேண்டுமானால், அதற்கு முன் ஏற்கத்தக்க அளவில் பணியாற்றிக் காட்ட அவருக்கு ஒரு வாய்ப்புத் தரவேண்டும். அந்த ‘வாய்ப்பு’ என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் தாள் பெரும்பாலும் ஒழுங்காக வரும்.

நம் ஊரில் இதை மெமோவோடு குழப்பிக்கொள்கிறார்கள். மெமோவுக்கு அரசு அலுவலகத் தமிழ் குறிப்பாணை. அது நடத்தைக் குற்றத்துக்கு: சொல்லாமல் லீவு எடுத்தது, கையெழுத்தை மாற்றிப் போட்டது போன்றவை. முயன்றும் வேலை வராதவருக்குத்தான் சீராக்கத் திட்டம். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால், படிப்பவர் தான் குற்றம் சாட்டப்பட்டதாக எடுத்துக்கொண்டு, வேலையைத் திருத்துவதை விட்டுவிட்டுப் பதில் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவார்.

ஒரு தாளை எழுதிப் பார்ப்போம். ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு. கொள்முதல் பில்களை டாலியில் ஏற்றும் ஊழியர் ஒருவர், மாதம் சுமார் 400 பில் ஏற்றுகிறார். சரிபார்ப்பவர் திருப்பி அனுப்புபவை மாதத்துக்கு 36, அதாவது நூற்றுக்கு 9. அதே வேலை செய்யும் மற்ற இருவருக்கும் நூற்றுக்கு 2. திரும்பியவற்றில் பெரும்பாலானவை விற்பனையாளரின் 15 இடங்கள் கொண்ட ஜிஎஸ்டி எண் தவறியவை.

திட்டம் 60 நாளுக்கு. இடையில் சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பதைச் சீராய்வு என்போம். மேலாளர் முதலில் எழுதித் தந்த வரி: “பில்களைக் கவனமாக ஏற்ற வேண்டும், பொறுப்புணர்வு வளர வேண்டும்.” இதை வைத்து 60-ஆம் நாளில் யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. கவனத்தை எண்ண முடியாது. திரும்பிய பில்லை எண்ணலாம். அதனால் இலக்கு இப்படி மாறியது: “சரிபார்ப்புப் பதிவேட்டின்படி, திரும்பும் பில்கள் முதல் சீராய்வில் நூற்றுக்கு 6-க்குள், இரண்டாவதில் 4-க்குள், மூன்றாவதிலிருந்து 2-க்குள்.” எண்ணோடு அது எங்கிருந்து எடுக்கப்படும் என்பதும் இருக்கிறது. இது விட்டுப்போனால், மேலாளர் தன் நினைவிலிருந்து ஒரு கணக்கும் ஊழியர் தன் நோட்டிலிருந்து ஒரு கணக்கும் சொல்வார்கள். அதே பதிவேட்டில்தான் மற்ற இருவரின் கணக்கும் இருக்கிறது என்பதும் முக்கியம். அவர்கள் இரண்டில் நிற்கும்போது இவரிடம் பூஜ்யம் கேட்பது நியாயமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு வாரத்தில் ஏறுவது சுமார் 200 பில். நூற்றுக்கு 2 என்றால் 4 பில். ஒரே ஒரு பில் கூடினால் 2.5 ஆகிவிடும். அந்த ஒரு பில்லை வைத்து “தவறிவிட்டார்” என்று எழுதக் கூடாது. அதனால் இறுதி முடிவைக் கடைசி இரண்டு சீராய்வுக் காலங்களையும் சேர்த்துப் பார்ப்போம் என்று முதல் நாளே தாளில் எழுதிவிட்டோம்.

இலக்கு என்பதற்கு ஆங்கிலத்தில் டார்கெட் என்கிறார்கள். அது முதலில் சிறிய கேடயத்தின் பெயர். வில்லாளிகள் குறிபார்க்கும் வட்டப் பலகைக்குப் பின்னர் ஆகிவந்தது. தமிழில் ‘இலக்கம் உடம்பிடும்பைக்கு’ என்ற குறளில் இலக்கம், அம்பு போய்த் தைக்கும் குறி. துன்பத்துக்கு உடம்பே குறி என்கிறார் வள்ளுவர். பிஐபி எழுதும்போது குறி வைக்கவேண்டியது பில்லின் மேல்தான். தாளில் ‘பொறுப்பில்லாதவர்’, ‘மெத்தனம்’ என்ற சொற்கள் வந்துவிட்டால் குறி ஆளின் மேல் போய்விட்டது என்று பொருள். அந்த வரிகளை நான் அடித்துவிடுவேன்.

அடுத்தது உதவி. பெரும்பாலான தாள்கள் இங்கேதான் வெறுமையாக இருக்கும். “தேவையான ஆதரவு வழங்கப்படும்” என்று ஒரு வரி. ஆதரவு என்பது நமக்குக் கட்சிக்கும் தருவது, வருத்தத்தில் இருப்பவருக்கும் தருவது, ‘உதவி’ போதும். அதைவிடப் பெரிய கோளாறு ‘வழங்கப்படும்’ என்ற செயப்பாட்டு வினை. யார் வழங்குவார்? இலக்கு எழுதுவோர் அடிக்கடி சொல்லும் ஸ்மார்ட் என்ற சுருக்கத்தை 1981-இல் ஜார்ஜ் டோரன் எழுதியபோது, அதில் ஏ என்ற எழுத்து ‘இன்னாரிடம் ஒப்படைக்கத்தக்கது’ என்பதைக் குறித்தது. ‘எட்டத்தக்கது’ என்று பலர் சொல்வது பின்னால் வந்தது. உதவி என்ற பகுதிக்கும் அதுவே பொருந்தும். எழுவாயைப் போட்டு எழுதினால் வரி தானே நேராகிவிடும்.

அந்த ஊழியரோடு உட்கார்ந்து திரும்பிய பில்களைப் பார்த்தபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன. பாதிக்கு மேல் வாட்ஸாப்பில் வந்த மங்கலான படங்கள். பூஜ்யமா ஓ எழுத்தா என்றே தெரியாது. அடுத்து, விற்பனையாளர் பட்டியலில் ஒரே கடையின் பெயர் இரண்டு மூன்று முறை, வெவ்வேறு ஜிஎஸ்டி எண்ணோடு இருந்தது. இரண்டும் அவர் கையில் இல்லை. ஆகவே உதவிப் பகுதி இப்படி அமைந்தது: “அக்டோபர் 10-க்குள் கொள்முதல் மேலாளர் எல்லா விற்பனையாளருக்கும் எழுதி, பில்களை மின்னஞ்சலில் மட்டும் பெறுவார். அக்டோபர் 15-க்குள் கணக்குப் பிரிவின் மூத்த ஊழியர் இரட்டைப் பெயர்களை நீக்குவார். முதல் நான்கு வாரம் செவ்வாய், வியாழன் காலை ஒரு மணி நேரம் அவரே உடனிருந்து சொல்லித் தருவார்.” கீழே ஒரு வரி சேர்த்தோம்: “இவற்றில் ஏதேனும் தாமதமானால், இலக்குத் தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும்.” மேலாளர் இந்த வரிக்குத் தயங்கினார். ஆனால் நிறுவனம் தன் பங்கைச் செய்யாமல் ஊழியரிடம் மட்டும் தேதி கேட்பது முறையல்ல.

மூன்றாவது, ரிவ்யூ. ‘மறுஆய்வு’ என்றால் எடுத்த முடிவை மாற்றலாமா என்று பார்ப்பதுபோல் தொனிக்கிறது. ‘ஆய்வுக் கூட்டம்’ ஆட்சியர் அலுவலகத்தில் எல்லாத் துறையையும் கூப்பிட்டு வைத்து நடத்துவது. ‘சீராய்வு’ நன்றாக உட்கார்கிறது, சீராக்கத்தோடும் இணைகிறது. அதற்குத் தேதி குறிக்கும்போது காலண்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டம் 2025 அக்டோபர் 6, திங்களன்று தொடங்கியது. இரண்டு வாரம் கூட்டினால் அக்டோபர் 20, தீபாவளி. அதனால் 22 என்று போட்டோம். பிறகு நவம்பர் 3, நவம்பர் 17, முடிவு டிசம்பர் 5. “இரண்டு வாரத்துக்கு ஒருமுறை” என்று மட்டும் விட்டிருந்தால் முதல் சீராய்வே பண்டிகையில் காணாமல் போயிருக்கும். முதலாவது நடக்காத பிஐபியில் இரண்டாவதும் நடப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. நேரே கடைசி நாளில் கூப்பிட்டு முடிவைச் சொல்வார்கள். முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டது என்று ஊழியர் நினைப்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஒவ்வொரு சீராய்வும் அரை மணி நேரம். பதிவேட்டு எண், நிறுவனம் செய்த உதவி, செய்யாத உதவி, ஊழியர் சொன்னது ஆகிய நான்கையும் அன்றே எழுதி இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் புது இலக்கு சேர்க்கக் கூடாது. பில் சரியாகிவிட்டதென்று வருகை நேரத்தைக் கையிலெடுத்தால் அது வேறு திட்டம்.

டிசம்பர் 5 அன்று என்ன ஆகலாம் என்பதையும் முதல் நாளே எழுதவேண்டும்: இலக்கு எட்டினால் திட்டம் முடிந்தது என்று கடிதம், நெருங்கியிருந்தால் 30 நாள் நீட்டிப்பு, ஒருமுறை மட்டும், எட்டாவிட்டால் வேறு பணிக்கு மாற்றமோ பணி முடிப்போ, எதுவென்று பெயர் சொல்லி. “உரிய நடவடிக்கை எடுக்கப்படும்” என்பது மறுபடியும் அதே செயப்பாட்டு வினை.

கடைசியில் கையெழுத்து. பல படிவங்களில் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். ‘படித்து, ஒரு பிரதி பெற்றுக்கொண்டேன்’ என்று மாற்றி, அதன் கீழ் ‘என் கருத்து’ என்று நான்கு வரிக்கு இடம் விட்டோம். அந்த ஊழியர் அதில் எழுதியது: “வாட்ஸாப் பில் பற்றி ஏப்ரல் மாதமே சொன்னேன்.”