கல்யாணத் தேதியை எப்போது சொல்வது?

ஆஃபர் லெட்டர் அனுப்பிய மறுநாள் எங்கள் ஹெச்ஆர் டீமுக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை சம்பளப் பிடித்தம் பற்றியவைதான். லீவைப் பற்றி யாரும் கேட்பதில்லை, சேர்ந்த பத்தாவது நாள் பத்திரிகையோடு வந்து நிற்பார்கள்.

ஒரு பையன் ஜூன் தொடக்கத்தில் சேர்ந்தான். ஆகஸ்ட் கடைசியில், ஆவணி முகூர்த்தத்தில், ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் இன்டர்வியூவுக்கே வந்திருக்கிறான், சொன்னால் வேலை கைநழுவிவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. புதன் முதல் அடுத்த செவ்வாய் வரை லீவு வேண்டும், வேலை நாள் கணக்கில் ஐந்து. புரொபேஷனில் மாதத்துக்கு ஒரு நாள் வீதம் அவனிடம் இருந்தது மூன்று. சரி, இரண்டு நாள் சம்பளம் போகும் என்று நினைத்திருந்தான்.

ஆனால் எங்கள் விதியில் லீவுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் சனி, ஞாயிறும் லீவுதான், சாண்ட்விச் என்போம். ஐந்து ஏழாகி, நான்கு நாள் எல்ஓபி, அதாவது சம்பளமில்லாத லீவு. சம்பளம் 36,000, நாளுக்கு 1,200 என்று 4,800 ரூபாய் போனது. புரொபேஷனும் நான்கு நாள் தள்ளிப்போனது. அதைவிடப் பெரிய சிக்கல், அதே வாரத்தில் அவன் டீமுக்கு டெலிவரி இருந்ததுதான். மேனேஜர் லீவைக் கொடுத்தார், ஆனால் முகம் கொடுத்துப் பேசப் பல நாளானது.

எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கான தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, முதல் வருடத்திலேயே 12 நாள் வரை தற்செயல் விடுப்பும் 12 நாள் வரை நோய் விடுப்பும் தருகிறது. ஈட்டிய விடுப்புக்கு மட்டும் 12 மாதம் பணி முடிந்திருக்க வேண்டும். அந்தத் தற்செயல் விடுப்பை மாதம் ஒன்றாகப் பிரித்துத் தரும் கம்பெனிகள் நிறைய, எனவே மூன்றாம் மாதத்தில் மொத்தமும் கையில் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

கேட்க வேண்டிய நேரம், ஆஃபர் கைக்கு வந்த பிறகு, ஒப்புக்கொண்டு பதில் போடுவதற்கு முன். தேர்ந்தெடுத்துவிட்டோம், திரும்ப ஆள் தேடும் அலுப்பு எங்களுக்கும் உண்டு, அதனால் அப்போது கேட்டால் பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டோம். மெயிலில் தேதிகளைப் போட்டு, புரொபேஷனில் எத்தனை நாள் சேரும், குறைந்தால் முன்கூட்டியே கடனாகத் தருவீர்களா அல்லது எல்ஓபியா, நடுவில் வரும் வார விடுமுறை கணக்கில் சேருமா, எல்ஓபி எடுத்தால் புரொபேஷன் நீளுமா என்று கேளுங்கள். மேனேஜரையும் சிசியில் வைக்கச் சொல்லுங்கள். போனில் “பார்த்துக்கலாம்” என்று சொன்ன ஹெச்ஆர் நீங்கள் சேர்வதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாம், நானே அப்படிப் போனவன்தான். கல்யாணம் சேர்ந்த முதல் மாதத்திலேயே என்றால் லீவு கேட்பதைவிட, சேரும் தேதியைத் தள்ளிக் கேட்பது சுலபம்.

பரீட்சைக்கு லீவு கேட்பது வேறு மாதிரி. தொலைநிலைக் கல்வித் தேர்வுத் தேதிகள் மாறக்கூடியவை. “நவம்பர் கடைசி இரண்டு வாரத்துக்குள் நான்கு தாள், அட்டவணை வந்ததும் அனுப்புகிறேன்” என்று எழுதினால் போதும், ஹால் டிக்கெட் வந்த அன்றே அதையும் அதே மெயில் தொடரிலேயே அனுப்பிவிடுங்கள்.