இடைநிலையா, இடைத்திசுவா?

'இன்டர்ஸ்டிஷியல் லங் டிசீஸ்' என்பதை 'இடைநிலை நுரையீரல் நோய்' என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கிற நோயாளி, நோய் இன்னும் முற்றவில்லை, பாதி வழியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். இடைநிலைக் கல்வி என்று சொல்லிப் பழகியவர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

மூலம் லத்தீன்: 'இன்டர்' என்றால் இடையே, 'சிஸ்தெரே' என்றால் நிற்பது. இரண்டையும் ஒட்டவைத்ததில் வந்த வினையிலிருந்து பிறந்த சொல் இது. இன்டர்ஸ்டிஷியம் என்பது ஓர் இடத்தின் பெயர், கட்டத்தின் பெயரன்று. 'இடைவெளி நோய்' என்பதும் உதவாது. அங்கே வெளி ஏதுமில்லை, மெல்லிய திசு இருக்கிறது. ஆகவே 'நுரையீரல் இடைத்திசு நோய்'. அது ஒரே நோயுமல்ல, பல நோய்களுக்கான பொதுப்பெயர்.

காற்றுப்பையின் சுவருக்கும் அதை ஒட்டிய ரத்த நுண்குழாய்க்கும் நடுவில் இருப்பதே அந்தத் திசு. ஆக்சிஜன் கடக்கும் இடங்களில் மொத்தத் தடுப்பும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதில் தழும்பு ஏறினால் நுரையீரல் விறைத்து, விரிய மறுக்கும். உதாரணமாக, ஒருவரிடம் எதிர்பார்க்கும் அளவு 3 லிட்டர் என்றால் முழு மூச்சை இழுத்து ஊதியும் 1.95 லிட்டர்தான் வரும். அதாவது 65 சதவீதம். உட்கார்ந்திருக்கும்போது விரல்நுனிக் கருவி ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை 96 சதவீதம் என்று காட்டும், ஆறு நிமிடம் நடந்தால் அது 86க்கு இறங்கும். ஓய்வில் ரத்தம் நுண்குழாயைக் கடக்க முக்கால் விநாடி ஆகிறது, ஆக்சிஜன் ஏறக் கால் விநாடி போதும். தழும்பு அந்த மிச்ச நேரத்தைத் தின்றுவிடும். நடக்கும்போது ரத்தமும் விரைவதால் குறை வெளியே தெரிகிறது. உட்கார வைத்து மட்டும் அளந்தால் ஏமாறுவோம்.

அடுத்த தொல்லை, 'ஹை ரெசல்யூஷன் சி.டி.'க்கு எழுதும் 'உயர்தர ஸ்கேன்'. தரம் என்ன, விலையா? ஒன்றரை மில்லிமீட்டருக்கு மிகாத மெல்லிய துண்டுகளாகப் படமெடுப்பதால் அது 'நுண்பிரிதிறன் சி.டி.' பொதுவாகச் சாய மருந்து ஊசி வேண்டாம். மூச்சை முழுக்க இழுத்து நிறுத்த வேண்டும். அரைகுறையாக இழுத்தால் நல்ல நுரையீரலும் மங்கலாகத் தெரியும். முதுகுப்பக்க மங்கல் ஐயமாக இருந்தால் குப்புறப் படுக்கவைத்து மறுபடி எடுப்பார்கள்: ஈர்ப்பு விசையால் அமுங்கியதாக இருந்தால் மறைந்துவிடும், தழும்பாக இருந்தால் அப்படியே நிற்கும். கீழ்ப்பகுதியில், விளிம்பை ஒட்டித் தேன்கூடு போல அடுக்கடுக்காக ஓட்டைகள் இருந்து, வேறு காரணமும் அகப்படாவிட்டால், காரணமறியாத் தழும்பு நோய் என்று திசு எடுக்காமலே முடிவுக்கு வரலாம்.

இந்தத் தழும்பு நோய்க்குத் தரும் நின்டெடனிப், பிர்ஃபெனிடோன் இரண்டையும் 'குணமாக்கும் மருந்து' என்று எழுதுவது எல்லாவற்றிலும் மோசம். இவை 'தழும்பு தணிப்பிகள்'. மூச்சின் கொள்ளளவு சரியும் வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கும். விழுந்த தழும்பு போகாது. முன்னதில் வயிற்றுப்போக்கு, பின்னதில் குமட்டலும் வெயில் பட்டால் தோல் சிவப்பதும் வரும். இரண்டுக்கும் கல்லீரல் சோதனை கட்டாயம். 'குணமாக்கும்' என்று நம்பியவர், மூன்று மாதத்தில் மூச்சு தேறவில்லையே என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்.