போட்ட பணம் திரும்பினால் மட்டும் போதுமா?

புது இயந்திரம் வாங்கலாமா என்று கேட்டால், "எத்தனை வருஷத்தில் போட்டதை எடுக்கலாம்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதுதான் பேபேக் காலம். பணம் எவ்வளவு நாள் முடங்கிக் கிடக்கும் என்பதை அது சரியாகவே சொல்லும். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்தே திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆபத்து.

1,000 முதலீடு என்று வைத்துக்கொள்வோம். திட்டம் 'அ' மூன்று வருடங்களில் 600, 500, 100 தருகிறது. திட்டம் 'ஆ' ஐந்து வருடங்களில் 200, 300, 400, 500, 500 தருகிறது. 'அ'வில் முதல் வருடம் 600 வந்துவிடும். மீதி 400 இரண்டாம் வருட 500-இல் கிடைக்கும். ஆக 1.8 வருடம். 'ஆ'வுக்கோ 3.2 வருடம். பேபேக் பார்த்தால் 'அ' ஜெயிக்கிறது.

இந்தக் கணக்கில் நாளை வரும் பணமும் இன்றைய பணமும் ஒன்றாகிவிடுகின்றன. அதைச் சரிசெய்யத்தான் டிஸ்கவுண்டட் பேபேக். மூலதனச் செலவு, அதாவது போடும் பணத்துக்கு வருடத்துக்கு ஆகும் செலவு விகிதம், 10% என்றால் முதல் வருட வரவை 1.10-ஆலும், இரண்டாம் வருடத்தை 1.21-ஆலும், மூன்றாம் வருடத்தை 1.331-ஆலும் வகுத்து, பிறகு கூட்டிக்கொண்டே போக வேண்டும். இப்போது 'அ' 2.55 வருடம், 'ஆ' 3.79 வருடம். இன்னமும் 'அ'தான் முன்னால்.

எல்லா வருட வரவையும் இப்படி வகுத்துக் கூட்டி, முதலீட்டைக் கழித்தால் கிடைப்பது நிகர தற்போதைய மதிப்பு. அதைப் போட்டால் கதை தலைகீழ்: 'அ'வுக்கு 34, 'ஆ'வுக்கு 382. பேபேக் இரண்டு வகையும் முதலீடு திரும்பிய நொடியோடு நின்றுவிடுகின்றன. 'ஆ'வின் ஐந்தாம் வருட 500 அவற்றின் கண்ணிலேயே படாது. (ஆயுள் வேறாக இருப்பதால், 'அ'வையே திரும்ப வாங்க முடியுமென்றால் அதே 10%-இல் சமமான வருடத் தொகைக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும், அப்போதும் ஏறத்தாழ 14-க்கு 101 என்று 'ஆ'வே மேல்.)

பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. டிஸ்கவுண்டட் பேபேக் கிடைத்துவிட்டால் லாபம் உறுதி என்று நம்புகிறார்கள். அதற்குப் பிறகு பெரிய செலவு எதுவும் இல்லாதவரைதான் அது உண்மை. 'அ' இயந்திரத்தைக் கழற்றி, இடத்தைச் சீர்செய்ய நான்காம் வருடம் 100 ஆகும் என்று சேர்த்துப் பாருங்கள். முன்போல வகுத்துக் கூட்டினால் திரண்ட தொகை வருட வாரியாக இப்படிப் போகும்:

```
0     -1000
1      -455
2       -41
3       +34
4       -34
```

டிஸ்கவுண்டட் பேபேக் அதே 2.55-தான். நிகர தற்போதைய மதிப்போ மைனஸ் 34, திட்டம் நஷ்டம். சுரங்கம், ரசாயன ஆலை போன்றவற்றில் கடைசியில் வரும் சீரமைப்புச் செலவு மிகப் பெரியது, அங்கே இந்தப் பிழை கடுமையாக அடிக்கும்.

அதனால் திரண்ட தொகை பிளஸுக்கு வந்ததும் அட்டவணையை நிறுத்தாதீர்கள். கடைசிச் செலவு வரை ஓட்டி, குறி மறுபடி மைனஸுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். எக்செலில் நிகர தற்போதைய மதிப்புக்கான NPV சார்பு முதல் எண்ணையே ஒரு வருடம் தள்ளி வருவதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே முதலீட்டை அடைப்புக்குறிக்கு வெளியே வையுங்கள்: `=B2+NPV(10%,B3:B6)`. இங்கே B2-இல் -1000 இருக்கும், B3 முதல் B6 வரை நான்கு வருடத் தொகைகள்.