மூன்று சென்டிமீட்டர் துள்ளல்

வலது மூலைக்கு வரும் பந்தைத் தவறவிடும் ஒவ்வொரு முறையும் பழியை வயதின் மீது போட்டுவந்தேன். எனக்கு 44 வயது. வியாழக்கிழமை இரவுகளில் ஈசூன் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் மேசைப்பந்து ஆடுகிறேன். காற்று பந்தை அலைக்கழிக்கும் என்று மின்விசிறியை அணைத்துவிடுவோம். அரை மணியில் சட்டை பிழியும் அளவுக்கு நனைந்துவிடும்.

எதிரே ஆடும் நண்பர் இயற்பியல் ஆசிரியர். என் புலம்பலைக் கேட்டு ஒருநாள் 30 செ.மீ. அளவுகோலைக் கொண்டுவந்தார். அவர் சொல்லாமல் கைவிட, நான் விரல்களால் பிடிக்க வேண்டும். பலமுறை பார்த்ததில் சராசரியாக 18 செ.மீ. நழுவியிருந்தது. அந்தத் தூரம் விழ 0.19 வினாடி ஆகும். இளைஞர்களுக்கும் ஏறக்குறைய அதுதான். “கண்ணும் கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. காலைப் பார்ப்போம்” என்றார்.

கைபேசியில் வினாடிக்கு 240 படங்கள் வீதம் எடுத்தோம். அவர் மட்டையில் பந்து பட்ட படத்திலிருந்து எண்ணினால், 72ஆவது படத்தில் என் இடுப்பு தாழத் தொடங்கியது. 106ஆவது படத்தில்தான் கால் தரையை விட்டது. அதாவது முடிவெடுக்க 0.3 வினாடி, கிளம்ப இன்னுமொரு 0.14 வினாடி. அவரிடமிருந்து என்னிடம் சுமார் 4 மீட்டர். சராசரியாக வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு 0.4 வினாடி போதும். பந்து வந்து சேர்ந்த பிறகு கிளம்பியிருக்கிறேன்!

முடிவெடுக்கும் நேரத்தை அதிகம் குறைக்க முடியாது. இடமா வலமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால் அளவுகோல் சோதனையைவிட அதிக நேரம் பிடிக்கத்தான் செய்யும். எதிராளியின் தோளையும் மட்டையின் சாய்வையும் முன்கூட்டியே படிக்கப் பழகினால் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் அந்த 0.14 வினாடி வெறும் வீண்செலவு. நிமிர்ந்து நிற்பவர் பக்கவாட்டில் தள்ள, முதலில் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். இந்தத் தாழ்தலை, பந்து எங்கே வரும் என்று தெரியாமல் காத்திருக்கும் நேரத்திலேயே முடித்துவைப்பதுதான் ஸ்பிளிட் ஸ்டெப் எனப்படும் சிறு துள்ளல். இறங்கும்போது தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் இழுபட்டு விறைக்கின்றன. தரை நம் எடையைவிட அதிக விசையோடு திருப்பித் தள்ளுகிறது. எந்தப் பக்கம் என்று தெரிந்தவுடன் அந்த விசையைத் திருப்பிவிட்டால் போதும்.

இதில் உயரம்தான் பொறி. 3 செ.மீ. துள்ளினால் காற்றில் இருப்பது சுமார் 0.16 வினாடி. உற்சாகத்தில் 10 செ.மீ. குதித்தால் 0.29 வினாடி, அந்தரத்தில் இருக்கும் காலால் எதையும் தள்ள முடியாது. எதிராளியின் மட்டை முன்னோக்கி வரத் தொடங்கும்போது எழும்பி, பந்து பட்டவுடன் அல்லது பட்ட ஒரு கணத்தில் பாதத்தின் முன்பகுதியில் இறங்க வேண்டும். மிக முன்னதாக இறங்கினால் விறைப்பு கரைந்து மறுபடியும் மரம்போல் நிற்போம். நான் முதல் இரண்டு வாரம் செய்த தவறு அதுதான். காதுக்குத் தப்பாத அடையாளம் ஒன்று உண்டு: காலணியின் ‘தப்’ ஒலி அவர் மட்டையின் ‘டக்’ ஒலிக்கு முன்பே கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

பக்கவாட்டுப் பயிற்சிக்கு மேசையின் நடுவும் வலது மூலையும் போதும். மேசையின் அகலம் 1.525 மீட்டர்தான், ஆகவே ஓடத் தேவையில்லை. வலக்கைக்காரர் வலப்புறம் போக இடக்கால் தள்ள வேண்டும். இரு பாதங்களும் ஒட்டிக்கொள்ளாமல் தோளகல இடைவெளியோடு நகர வேண்டும். ஒட்டினால் அடுத்த தள்ளலுக்குப் பிடி இருக்காது. நண்பர் முதலில் நடு, வலது என்று மாறி மாறித் தருவார். இது காலுக்குத் தடம் போட்டுத் தருகிறது, அவ்வளவுதான். வரிசை மனப்பாடமானதும் துள்ளல் தானாகவே மறைந்துவிடும், தேவையில்லையே! அதனால் பிறகு நடுவில் ஒன்றோ இரண்டோ தந்து, சொல்லாமல் வலதுக்கு மாற்றுவார். எதிர்வினைக்கான பயிற்சி இங்கேதான் தொடங்குகிறது. சுவீடனின் ஃபால்கன்பெர்க் மன்றத்தின் பெயரால் அறியப்படும் புகழ்பெற்ற மூன்று பந்துப் பயிற்சியும் வரிசை தெரிந்ததே. தடத்துக்கு அது அருமையானது, எதிர்வினைக்கு அல்ல.

முப்பது வினாடி ஆட்டம், ஒரு நிமிட ஓய்வு, ஆறு சுற்று. ‘தப்’ ஒலி தாமதமாகத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுகிறேன். களைத்த கால் பிழையான நேரத்தைத்தான் பழகிக்கொள்ளும். வீவக புளோக்கின் கீழ்த்தளத்துச் சிமெண்டுத் தரையில் இதைச் செய்து குதிகால் நரம்பு வலித்ததிலிருந்து மன்றத்தின் மரத்தரையில் மட்டும்தான். வியர்வைத் துளிகளை ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் துடைக்கிறோம்.

எட்டு வாரம் கழித்து மறுபடியும் படமெடுத்தோம். 24ஆவது படத்தில் தரையிறங்குகிறேன், 77ஆவதில் கால் கிளம்புகிறது. அளவுகோல் இன்னும் அதே 18 செ.மீ.தான். நண்பர் இப்போது வலது மூலையை விட்டுவிட்டு, என் வலது முழங்கைக்கு நேராக அடிக்கிறார். ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று மனம் தடுமாறும் அந்த இடத்தில், எவ்வளவு சரியாகத் துள்ளினாலும் இன்னும் தோற்கிறேன்.