குந்தன் என்பது கல் அல்ல

நகைக்கடையில் "குந்தன் கல் வைத்த நெக்லஸ்" என்று சொல்லிக் காட்டுவார்கள். நாமும் குந்தன் என்றால் ஏதோ ஒரு வகைக் கல் என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அந்தச் சொல் கல்லைக் குறிப்பது அல்ல, கல்லைச் சுற்றியிருக்கும் தங்கத்தைக் குறிப்பது. இந்தியில் குந்தன் என்றால் புடம்போட்டு மாசு நீக்கிய சொக்கத் தங்கம். அந்தத் தங்கத்தைத் தட்டி மெல்லிய ரேக்காக்கி, அதைக்கொண்டு கல்லைப் பதிக்கும் வேலைக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. அக்பர் காலத்து ஆயினி அக்பரியில் அபுல் ஃபசல் இந்த வேலையைப் பற்றிச் சொல்லும்போதும், தங்கம் நன்கு இளகிக் கொடுக்குமளவு தூய்மையாக்கப்படுவதைத்தான் குறிப்பிடுகிறார்.

ஏன் அவ்வளவு தூய தங்கம் வேண்டும்? செம்போ வெள்ளியோ கலந்த தங்கம் விறைப்பாக இருக்கும். கலப்பில்லாத தங்க ரேக்கை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தினால், சூடோ பற்றாசோ இல்லாமலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குந்தன் வேலை முழுவதும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நிற்கிறது. 22 காரட் தங்கத்தில் அப்படிச் செய்ய வராது.

வேலை நடக்கும் விதம் இதுதான். முதலில் தங்கத் தகட்டில் உள்ளே வெற்றிடம் விட்டுக் கூடு செய்வார்கள். வட நாட்டு நகை என்றால் பின்புறத்தில் மீனாகாரி என்னும் வண்ணப் பூச்சு வேலையும் இருக்கும். கூட்டுக்குள் அரக்கை நிரப்பி, லேசாகச் சூடு காட்டி இளக்கி, அதில் கல் உட்காரக் குழி எடுப்பார்கள். குழியின் அடியில் பளபளக்கும் வெள்ளி ரேக்கு. அதன்மேல் கல். கல்லின் ஓரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் தங்க ரேக்கைத் துண்டு துண்டாகத் திணித்து, இரும்புக் கூரால் அழுத்திக்கொண்டே போவார்கள். முடிவில் ரேக்கெல்லாம் ஒரே திடப்பொருளாகி, கல்லின் விளிம்பைக் கவ்வி நிற்கும்.

இன்றைய மெல்லிய ஒற்றைக்கல் மோதிரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அதில் நான்கைந்து சிறு நகங்கள் மட்டும் கல்லைப் பிடித்திருக்கும். அடியிலும் பக்கத்திலும் திறந்திருப்பதால் பட்டை தீட்டிய வைரத்துக்குள் வெளிச்சம் புகுந்து திரும்பி வரும். குந்தன் பதிப்பில் அடிப்பக்கம் மூடியிருக்கிறது. அங்கே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது அந்த வெள்ளி ரேக்குதான்.

என் அத்தையிடம் ஜெய்ப்பூரில் வாங்கிய பதக்கம் ஒன்று இருந்தது. கழற்றாமலே குளிப்பார். மூன்றாம் வருஷம் நடுக்கல் மங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டது. கல்லே போலி என்று வீட்டில் எல்லோரும் பேசிவிட்டார்கள். பதிப்பு வேலை தெரிந்த ஒருவர் ஊசியால் ஓரத்து ரேக்கை நெம்பிக் கல்லை எடுத்துக் காட்டினார். கல் தெளிவாகவே இருந்தது. தண்ணீர் கசிந்து அடியிலிருந்த வெள்ளி ரேக்கு கறுத்திருந்தது, அவ்வளவுதான். புது ரேக்கு வைத்து மறுபடி பதித்ததும் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. ஆகவே குந்தன் நகையைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, அதிர்வு முறையில் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் போடக் கூடாது, அரக்கு இளகும் என்பதால் சூட்டுப் பக்கமும் கொண்டுபோகக் கூடாது.

சரி, போல்கி என்றால் என்ன? அதுதான் கல்லின் பெயர். பட்டை தீட்டாமல், வைரம் கிடைத்த உருவத்தை ஒட்டித் தட்டையாகப் பிளந்து மெருகிட்ட வைரம். அதைப் பதிக்கும் முறை பெரும்பாலும் குந்தன்தான். அதனால் ஒரே நகை போல்கியாகவும் குந்தனாகவும் இருக்க முடியும். ஆனால் கடைப் பேச்சில் வைரம் வைத்ததைப் போல்கி என்றும், கண்ணாடி வைத்ததைக் குந்தன் என்றும் பிரித்துவிட்டார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அடியில் ரேக்கு வைத்து மூடிவிட்டால் கண்ணாடியும் மின்னும். மூடிய பதிப்பில் வெறும் கண்ணால் பார்த்து முடிவு சொல்வது கடினம்.

எடை விஷயத்திலும் கவனம் வேண்டும். ஒரு நெக்லஸ் மொத்தம் 60 கிராம் என்று வையுங்கள். அதில் வைரம் 40 காரட். ஐந்து காரட் ஒரு கிராம் என்பதால் வைரத்தின் எடை 8 கிராம். உள்ளே அரக்கு 18 கிராம். மிச்சம் 34 கிராம்தான் தங்கம். கல்லை மட்டும் கழித்துவிட்டு 52 கிராமுக்குத் தங்க விலை போட்டால், 18 கிராம் அரக்கைத் தங்க விலைக்கு வாங்குகிறோம். அரக்கு எடை, கூட்டுத் தங்கத்தின் காரட், ரேக்குத் தங்கம் மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்வதுதான் வழி. குந்தன், போல்கி நகைகளுக்கும், ஜடாவு என்னும் கல் பதித்த நகைகளுக்கும் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு உண்டு. அதனால் அந்த எழுத்து இன்னும் அவசியமாகிறது.

அரக்கைச் சேர்த்து எடை பார்ப்பது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்து நகைகளின் விவரம் கல்வெட்டாக இருக்கிறது. கல் பதித்த நகைகளுக்கு அரக்கு உட்பட இவ்வளவு நிறை என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். எது எடையில் சேர்ந்திருக்கிறது என்பதை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் எழுதிவைத்தார்கள். வைரங்களை வகை பிரித்துச் சொல்லும் இடத்தில் 'சப்படி' என்ற சொல்லும் வருகிறது. தட்டையான வைரம் என்று பொருள். நாம் இன்றும் சப்பட்டை என்கிறோமே, அதே குடும்பத்துச் சொல். போல்கிக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள் 'பட்டை தீட்டாத வைரம்' என்று நீட்டி எழுதுகிறார்கள். பொருள் சரிதான். ஆனால் சப்படி வைரம் என்பதில் கல்லின் உருவமே கண்முன் வருகிறது. எனக்கு அதுவே பிடிக்கிறது.

குந்தனுக்கோ சொல் நம் அகராதிகளிலேயே இருக்கிறது. மணி பதிப்பதைக் குறிக்கும் 'குந்தனம்' பழைய தமிழ் அகராதிகளில் உண்டு. தெலுங்கிலும் குந்தனம் என்றால் பசும்பொன்தான், குந்தனபு பொம்ம என்றால் பொற்பாவை. ஆக, குந்தனம் என்று எழுதினால் தவறே இல்லை. வேலையை விளக்க வேண்டிய இடத்தில் 'ரேக்குப் பதிப்பு' என்று எழுதலாம். கல் இழைத்தல் என்பதும் நல்ல சொல், ஆனால் அது எல்லாப் பதிப்புக்கும் பொது.

ரேக்குப் பதிப்பு என்று சொன்னால் இன்னொரு உறவும் தெரியவரும். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் அணியும் நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி எல்லாம் அந்த வகை. வெள்ளியில் கூடு செய்து, உள்ளே அரக்கு இட்டு, சிவப்புக் கெம்பை வைத்து, சுற்றிலும் தங்க ரேக்கை அழுத்திப் பதிக்கிறார்கள். உலோகம் வேறு, கல் வேறு, பின்புறத்தில் மீனாகாரி கிடையாது. ஆனால் கல்லைப் பிடித்துவைக்கும் முறையில் ஜெய்ப்பூரின் குந்தனும் வடசேரியின் கெம்பு நகையும் நெருங்கிய சொந்தம்.